கிளிசரின் மாத்திரையும் சிறு எனிமாவும்: படுக்க வைப்பதிலிருந்து தொடங்கும் வேலை

வலது இடுப்பில் பந்து மாற்று அறுவை செய்து 12 நாளாகியிருந்த 72 வயது அம்மா ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை காலை எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் மருமகள். "அத்தைக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. டயப்பரில் தண்ணீராகக் கசிகிறது. நிறுத்துவதற்கு மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா?" என்று கேட்டார். அதற்கு முன்பு கடைசியாக எப்போது கெட்டியாக வெளிக்குப் போனார் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "போன ஞாயிற்றுக்கிழமை" என்றார். ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த மாத்திரையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியராக இந்தக் குழப்பத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மலக்குடலில் கெட்டி மலம் அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அதற்கு மேலே தேங்கியிருக்கும் இளகிய மலம் அடைப்பின் ஓரமாக வழிந்து கசியும். பார்ப்பவர்களுக்கு அது வயிற்றுப்போக்காகத் தெரியும். உண்மையில் அது மலச்சிக்கலின் முற்றிய நிலை. அந்த நேரத்தில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகிவிடும். அளவில் கொஞ்சமாக, நாள் முழுதும், அவருக்கே தெரியாமல் கசிந்தால், அதற்கு முன் பல நாள் வெளிக்குப் போகாமலும் இருந்திருந்தால், முதலில் அடைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சிக்கல் வந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வலிக்கு டிரமடால், இரத்தம் குறைந்ததற்கு இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்குக் கால்சியம் என்று மூன்று மாத்திரைகளும் மலத்தை இறுகச் செய்பவை. போதாதற்கு, எழுந்து கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அஞ்சி அவர் தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருந்தார். நான் போனதும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மென்மையாக இருந்தது. வாந்தி இல்லை, வாயு பிரிந்துகொண்டிருந்தது, காய்ச்சல் இல்லை. அவருடைய மருத்துவரிடம் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னேன். முதலில் கிளிசரின் சப்போசிட்டரி, அதாவது ஆசனவாய் வழியாக மலக்குடலுக்குள் வைக்கும் கிளிசரின் மாத்திரை, வைத்துப் பாருங்கள் என்றார். அன்று அந்த மருமகளுக்கு நான் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வைப்பதற்கு முன் நிறுத்திப் பார்க்க வேண்டியவை

வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது, வாயுகூடப் பிரியவில்லை, வாந்தி வருகிறது, வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், ஆசனவாயில் இரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். குடல் அடைப்பாகவோ குடல்வால் அழற்சியாகவோ இருக்கலாம், அப்போது எனிமா கெடுதல் செய்யும். மலக்குடலிலோ ஆசனவாயிலோ அண்மையில் அறுவை நடந்தவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இரத்த அணுக்கள் குறைந்திருப்பவர்களுக்கும், மருத்துவர் சொல்லாமல் எதையும் உள்ளே செலுத்தக் கூடாது. அவர்களுக்குச் சிறு கீறல்கூடப் பெரும் இரத்தக் கசிவாகவோ தொற்றாகவோ மாறிவிடும். தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்கள் தனி வகை. மலக்குடலைத் தூண்டும்போது அவர்களுடைய இரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அவர்களைக் கவனிக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

மூலமும் வெடிப்பும் இருந்தால் செய்யவே கூடாது என்பதில்லை. மெதுவாகச் செய்ய வேண்டும், வலி மிகுந்தால் நிறுத்திவிட வேண்டும்.

கிளிசரின் அங்கே என்ன செய்கிறது

கிளிசரின் மாத்திரை வயிற்றுக்குள் போய் வேலை செய்யும் மருந்து அன்று. அது மலக்குடலின் சுவரில் பட்டு, உடல் சூட்டில் மெல்ல இளகி, சுற்றியுள்ள திசுவிலிருந்து நீரை இழுக்கிறது. அந்த நீர் மலத்தின் வெளிப்பக்கத்தை வழுவழுப்பாக்குகிறது. கிளிசரினே சுவரை லேசாக உறுத்துவதால், "போக வேண்டும்" என்ற உணர்வும் எழுகிறது. பெரும்பாலும் 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரியும்.

இதிலிருந்து இரண்டு செய்திகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, மாத்திரை சுவரைத் தொட வேண்டும். மலக் கட்டிக்குள் செருகிவிட்டால் அது அங்கேயே கிடந்து வீணாகும். இரண்டு, மலம் மலக்குடலுக்கு வந்து சேர்ந்திருந்தால்தான் இதனால் பயன். மேலே பெருங்குடலில் தங்கியிருக்கும் மலத்தை இது இறக்கிக் கொண்டுவராது. அதற்கு வாய்வழி மருந்துதான்.

நம் வீடுகளில் குழந்தைகளுக்கு வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவியும், சோப்புத் துண்டைச் சீவியும் வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பெரியவர்களுக்கும் சோப்புத் தண்ணீர் எனிமா கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சோப்பு மலக்குடலின் மெல்லிய உட்சவ்வை எரித்துப் புண்ணாக்கும். பாதுகாப்பான பொருள் மருந்துக் கடையிலேயே கிடைக்கும்போது அந்த வலியை அவருக்குக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

கடையில் வாங்கும்போது உறையில் பெரியவர்களுக்கானது என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தைப் பொறுத்து 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். குழந்தைகளுக்கான சிறியதை வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் அது பையிலேயே இளகிவிடும். அப்படி இளகியிருந்தால் உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரிலோ குளிர்பதனப் பெட்டியிலோ சில நிமிடம் வைத்தால் மீண்டும் இறுகும். மாத்திரை என்று பெயர் இருப்பதால் வாயில் போட்டு விழுங்கியவர்களும் இருக்கிறார்கள். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

நேரம்

காலை உணவும் சூடான காபியும் வயிற்றில் இறங்கிய பிறகு, இரைப்பை நிறைந்ததற்கு மறுமொழியாகப் பெருங்குடல் தானாக அசையும். நாள் முழுவதிலும் குடல் நமக்கு உதவத் தயாராக இருக்கும் நேரம் அது. சாப்பிட்டு 20 நிமிடம் கழித்து மாத்திரை வைத்தால் குடலின் அசைவும் மருந்தின் தூண்டலும் ஒன்று சேரும். அன்று அந்த அம்மாவுக்கு எட்டு மணிக்கு இரண்டு இட்லியும் காபியும் கொடுக்கச் சொன்னேன். எட்டு இருபதுக்கு வேலையைத் தொடங்கினோம்.

அதற்குள் தேவையானவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டோம். இரண்டு சோடிக் கையுறை, உறிஞ்சும் விரிப்பு, அதன் கீழே ரப்பர் விரிப்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், துடைக்க ஈரத் துணி, மூட மெல்லிய போர்வை, குப்பைப் பை. கட்டிலுக்கு அருகில் கமோடு நாற்காலி. நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கையுறை போட்டாலும் நகத்தின் கூர்மை உள்ளே தெரியும்.

கதவைச் சாத்தி, மகனை வெளியே அனுப்பினோம். அந்த அம்மாவுக்கு மருந்தைவிட மருமகள் பார்க்கிறாளே என்பதுதான் பெரிய வேதனையாக இருந்தது. "இதையெல்லாம் நீ செய்ய வேண்டியிருக்கிறதே அம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே தேவையான இடத்தை மட்டும் விட்டு மற்றதைப் போர்வையால் மூடினால் இந்தக் கூச்சம் பாதி குறையும். கூச்சத்தில் உடல் இறுகினால் ஆசனவாயும் இறுகிக்கொள்ளும். ஆகவே போர்வையும் இந்த வேலையின் கருவிகளில் ஒன்று.

படுக்க வைக்கும் முறை

சாதாரணமாக, இடுப்பில் அறுவை எதுவும் இல்லாதவரை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கீழே இருக்கும் இடது கால் சற்றே மடங்கியிருக்கும். மேலே இருக்கும் வலது முழங்காலை வயிற்றை நோக்கி நன்றாக மேலே இழுத்து, அதற்கடியில் ஒரு தலையணை கொடுக்க வேண்டும். உடல் முன்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். பிட்டம் கட்டிலின் விளிம்புக்கு அருகில், நீங்கள் நிற்கும் பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் அவருக்கு முதுகுப் பக்கத்தில் நிற்பீர்கள்.

ஏன் இடது பக்கம்? மலக்குடலுக்கு மேலே பெருங்குடல் வளைந்து வயிற்றின் இடப்புறத்தில்தான் ஏறுகிறது. இடது பக்கம் படுத்தால் அந்தப் பகுதி தாழ்ந்திருப்பதால், உள்ளே விடும் திரவம் வெளியே திரும்பி ஓடாமல் தானே உள்நோக்கி இறங்கும். முழங்காலை மேலே மடக்குவதால் வயிற்றுத் தசையும் பிட்டமும் தளர்ந்து ஆசனவாய் தெளிவாகத் தெரியும். ஆனால் இதைப் பெரிய சட்டமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மாத்திரைக்கும் 20 மில்லி எனிமாவுக்கும் மலக்குடலைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை. இடது பக்கம் படுக்க முடியாதவரை வலது பக்கம் படுக்க வைத்தும் செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் மல்லாந்து முழங்கால்களை மடக்கியும் செய்யலாம். உட்கார்ந்தபடியோ நின்றபடியோ மட்டும் எனிமா கொடுக்கக் கூடாது. அந்த நிலையில் திரவம் உள்ளே தங்காது. அதைவிட முக்கியமாக, எனிமாவின் முனை மலக்குடலின் முன்சுவரில் குத்திக் காயப்படுத்தலாம்.

அந்த அம்மாவுக்கு அறுவை நடந்தது வலது இடுப்பில். இடது பக்கம் படுத்தால் அறுவை செய்த இடுப்பு மேலே வருவது நமக்கு வசதிதான். ஆனால் நான் மேலே சொன்னதுபோல வலது முழங்காலை வயிறு வரை இழுத்தால், புதிதாகப் பொருத்திய பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடலாம். இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது, அந்தக் கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் விழக் கூடாது என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே முறையை மாற்றினோம். மல்லாந்திருக்கும்போதே இரண்டு கால்களுக்கும் நடுவில் கெட்டியான தலையணை ஒன்றை வைத்தோம். மருமகள் அவர் முகம் திரும்பப் போகும் இடப்பக்கம் நின்று, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துக்கொண்டார். நான் மறுபக்கத்திலிருந்து தலையணையோடு காலைத் தாங்கினேன். மூன்று எண்ணி, தோளும் இடுப்பும் காலும் ஒரே கட்டையாக உருளும்படி திருப்பினோம். திரும்பிய பிறகு இரண்டு முழங்கால்களும் பாதியளவே மடங்கியிருந்தன. தலையணை வலது காலை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கியது. பார்ப்பதற்கு இடம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. மேல்பக்கப் பிட்டத்தை இடது கையால் மெல்லத் தூக்கிப் பிடித்தபோது அது போதுமானதாக ஆனது.

மாத்திரையை வைப்பது

கிளிசரின் மாத்திரையைத் தண்ணீரில் நனைத்தால் போதும். வாசலின் தடவாதீர்கள். நீரை இழுத்துத்தான் அது வேலை செய்கிறது. எண்ணெய்ப் பசை அதன் மேல் படிந்தால் நீருக்கும் அதற்கும் நடுவில் திரை போட்டதுபோல ஆகிவிடும். எந்த முனை முதலில் போக வேண்டும் என்பதில் மருத்துவ உலகிலேயே இரு கருத்து உண்டு. தட்டையான முனை முதலில் போனால் மாத்திரை நன்றாகத் தங்குகிறது என்று 1991-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு அது கேள்விக்கும் உள்ளானது. உறையில் உள்ள குறிப்பைப் பின்பற்றுங்கள். புதிதாகச் செய்பவர்களுக்குக் கூர்முனை முதலில் போவதே எளிது என்பது என் அனுபவம்.

உடனே தள்ளக் கூடாது. முதலில் "இப்போது தொடப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, நனைத்த மாத்திரையின் முனையை ஆசனவாயின் மேல் சில நொடி அழுத்தாமல் வைத்திருங்கள். தொட்ட மாத்திரத்தில் அந்தச் சுருக்குத் தசை இறுகும். காத்திருந்தால் தானே தளரும். வாயால் மெல்ல மூச்சை வெளியே விடச் சொல்லி, அந்த மூச்சோடு சேர்த்து உள்ளே செலுத்துங்கள். இலேசாக முக்கச் சொன்னாலும் தசை திறந்து கொடுக்கும்.

திசையைக் கவனியுங்கள். ஆசனவாயிலிருந்து உள்ளே போகும் வழி நேர்க்கோடு அன்று. முதல் 3, 4 சென்டிமீட்டர் தொப்புளை நோக்கிப் போகும். பிறகு மலக்குடல் பின்பக்கமாக, முதுகெலும்பின் பக்கம் வளையும். ஆகவே முதலில் தொப்புளை நோக்கி, பிறகு விரலைச் சற்றுப் பின்னால் சாய்த்து, சுட்டுவிரல் ஏறக்குறைய முழுவதும் போகும் வரை மாத்திரையைத் தள்ளுங்கள். சுருக்குத் தசையைத் தாண்டிவிட்டதை விரலே சொல்லும். இறுக்கமாகப் பிடித்திருந்த இடம் முடிந்து, திடீரென்று அகலமாக உணர்வீர்கள். புதிதாகச் செய்பவர்கள் அச்சத்தில் அந்த இறுக்கத்துக்குள்ளேயே மாத்திரையை விட்டுவிட்டு விரலை எடுத்துவிடுவார்கள். இரண்டு நிமிடத்தில் மாத்திரை அப்படியே வெளியே வழுக்கி வந்துவிடும். முழுதாக, கரையாமல் வந்தால் ஆழம் போதவில்லை என்று பொருள். மீண்டும் நனைத்து வைக்கலாம்.

உள்ளே விரல் போகும்போது என்ன தட்டுப்படுகிறது என்று பாருங்கள். களிபோல மென்மையாக இருந்தால் மாத்திரையைச் சுவர் ஓரமாக வையுங்கள். ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தால் மலம் இன்னும் கீழே வரவில்லை, இந்த மாத்திரையால் பெரிய பலன் கிடைக்காது. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு, நான் எதிர்பார்த்ததுபோல, எலுமிச்சை அளவில் கெட்டியான ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதைக் குத்தாமல், கட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாத்திரையை வழுக்கி மேலே அனுப்பினேன். அப்படி வழுக்கிப் போக இடமே இல்லாமல் அடைத்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கட்டியை விரலால் உடைத்து எடுப்பது வீட்டில் இருப்பவர்கள் செய்யும் வேலை அன்று. அதில் சுவர் கிழியலாம், இதயத்துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரலாம்.

விரலை எடுத்த பிறகு பிட்டங்களை இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நிமிடம் பிடித்திருங்கள். அதே நிலையில் படுத்திருக்க, முடிந்தால் 15, 20 நிமிடம் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் உந்துதல் மூன்றாவது நிமிடத்திலேயே வரும். அது மாத்திரை இருப்பதை உணர்ந்து வருவது. வாயால் மூச்சுவிட்டுப் பொறுத்தால் அடங்கிவிடும்.

உட்கார வைப்பது

மலக்குடலைச் சுற்றி ஒரு தசைப் பட்டை முன்னோக்கி இழுத்துக் கட்டியதுபோல இருக்கிறது. நாம் நிமிர்ந்து உட்காரும்போது அது வழியை மடக்கிப் பிடித்திருக்கும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் தளர்ந்து வழியை நேராக்கும். நம் பழைய குந்தும் கழிவறையில் இது தானாக நடந்தது. மேற்கத்தியக் கழிவறையில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள மணை ஒன்றைப் பாதத்துக்கு அடியில் வைத்து, முன்னால் குனிந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றச் சொன்னால் அதே நிலை கிடைக்கும். மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி ஊதுவதுபோல மூச்சைவிட்டால் வயிறு தானே கீழ்நோக்கி அழுத்தும்.

இடுப்பு மாற்று அறுவை செய்தவருக்கு இந்த மணை கூடாது, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் நான் முன்பு சொன்ன செங்கோணம் மீறப்படும், முன்னால் குனிந்தால் மேலும் மீறப்படும். அந்த அம்மாவை உயரம் கூட்டிய கமோடு நாற்காலியில், பாதம் தரையில் முழுதாகப் பதிய, முதுகை லேசாகப் பின்னால் சாய்த்து உட்கார வைத்தோம். குனிவதற்குப் பதில் இரண்டு உள்ளங்கையையும் அடிவயிற்றில் அழுத்தி, ஆவி ஊதும் மூச்சை மட்டும் செய்யச் சொன்னேன்.

யாரையும் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. முக்கும்போது முகம் வெளிறி வியர்த்தால், தலை சுற்றுகிறது என்றால் உடனே நிறுத்திப் படுக்க வைத்து, மருத்துவரை அழையுங்கள். கூச்சப்படுகிறார் என்றால் திரும்பி நின்றுகொள்ளுங்கள், அறைக்குள்ளேயே இருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எட்டே முக்காலுக்கு அந்த அம்மாவுக்கு வேப்பங்காய் அளவில் இரண்டு கெட்டித் துண்டுகள் வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. அடைப்பு அசைந்திருக்கிறது, விடவில்லை.

சிறு எனிமா

மருத்துவரிடம் சொன்னேன். மாலையில் 20 மில்லி கிளிசரின் எனிமா ஒன்று கொடுக்கச் சொன்னார். கடையில் இதை வாங்கும்போது வேறொன்றை மாற்றிக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. 100 மில்லியோ அதற்கு மேலோ வரும் பாஸ்பேட் எனிமாவும் அதே அலமாரியில்தான் இருக்கும். அது வலுவானது. அதிலுள்ள உப்புகள் இரத்தத்தில் ஏறி நீரிழப்பையும் சிறுநீரகப் பாதிப்பையும் இதயத்துடிப்புக் கோளாறையும் உண்டாக்கக்கூடும். 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. முதியவர்களுக்கும், சிறுநீரகமோ இதயமோ பழுதானவர்களுக்கும், சிறுநீர் பெருக்கி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மருத்துவர் பெயர் சொல்லி எழுதினாலொழிய அதை வாங்காதீர்கள். அந்த அம்மா சிறுநீர் பெருக்கி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் நான் பெயரையும் அளவையும் தாளில் எழுதி மகனிடம் கொடுத்தேன்.

புட்டியை வெந்நீர் உள்ள குவளையில் ஐந்து நிமிடம் நிறுத்தி, உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் புட்டியை வைத்துப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குளிர்ந்த திரவம் குடலைப் பிடித்து இழுக்கும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கினால் உட்சவ்வு வெந்துவிடும்.

படுக்கும் நிலை காலையில் இருந்ததேதான். மூடியைக் கழற்றி, முனையை மேலே பிடித்து, ஒரு துளி வரும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். முனையில் நீரில் கரையும் மசகு ஜெல் தடவுங்கள். மூச்சை வெளியே விடச் சொல்லி, தொப்புளை நோக்கி மெல்லச் செலுத்துங்கள். 5 முதல் 7 சென்டிமீட்டர் போதும். சிறிய புட்டிகளில் முனையே அவ்வளவுதான் இருக்கும். நடுவில் தடை தட்டினால் தள்ளாதீர்கள். சற்றே வெளியே இழுத்து, கோணத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் தடுத்தால், அல்லது அவருக்குச் சுரீரென்று வலித்தால், எடுத்துவிடுங்கள். மலக்குடல் சுவரில் துளை விழுவது அரிதுதான் என்றாலும் அது விழுவது இப்படித் தள்ளும்போதுதான். கொடுத்த பிறகு கடும் வயிற்றுவலியோ இரத்தமோ காய்ச்சலோ வந்தால் அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புட்டியைச் சட்டென்று பிசையாமல், அடியிலிருந்து சுருட்டுவதுபோல ஒரு நிமிடம் எடுத்து அழுத்துங்கள். வேகமாக விட்டால் குடல் திடுக்கிட்டு அப்படியே திருப்பித் தள்ளிவிடும். வயிற்றைப் பிடிக்கிறது என்று சொன்னால் அழுத்துவதை நிறுத்தி, பிடிப்பு விட்டதும் தொடருங்கள். கடைசியில் புட்டியை அழுத்திப் பிடித்தபடியே முனையை வெளியே எடுங்கள். கையைத் தளர்த்திவிட்டு எடுத்தால் விட்ட திரவத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஒரு தவறால் பாதி மருந்து புட்டியோடு வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு அதே பக்கம் படுத்து, முடிந்தால் 5 முதல் 10 நிமிடம். அந்த அம்மா ஏழு நிமிடம் தாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கெட்டிக் கட்டி, அதன் பின்னாலேயே ஆறு நாளாகத் தேங்கியிருந்த மென்மையான மலம் நிறைய வந்தது. எழுந்து படுத்தபோது அவர் கேட்ட முதல் வார்த்தை, "ஒரு வாய் ரசம் சாதம் இருக்கிறதா?" என்பதுதான்.

அரை மணி நேரமாகியும் ஒன்றும் வரவில்லை என்றால் இன்னொரு புட்டியை எடுக்காதீர்கள். மருத்துவரை அழையுங்கள். உள்ளே விட்டது வெளியே வராமல் இருப்பதே அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

பிறகு

முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகக் கழுவித் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள். பின்னாலிருந்து முன்னால் துடைத்தால், குறிப்பாகப் பெண்களுக்கு, சிறுநீர்த் தொற்று வரக்கூடும். பல நாள் கசிவில் தோல் சிவந்திருந்தால் துத்தநாகக் களிம்பு தடவுங்கள். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றி, பையில் கட்டிப் போட்டு, சோப்பால் கை கழுவுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு முறை வரக்கூடும் என்பதால் விரிப்பை எடுத்துவிடாதீர்கள்.

மறுநாள் மருத்துவர் இரவில் 15 மில்லி லாக்டுலோஸ் என்ற மலமிளக்கித் திரவத்தைத் தொடங்கினார். டிரமடால் சாப்பிடும் வரை அது தொடர வேண்டும் என்றும், இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாம் என்றும் சொன்னார். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் வலி மாத்திரை எழுதப்படும் அன்றே, வெளிக்குப் போகவும் மருந்து வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கிளிசரின் மாத்திரை ஒரு வாரத்துக்கு மேல் அடிக்கடி தேவைப்பட்டால் வாய்வழி மருந்தின் அளவு போதவில்லை என்று பொருள்.

மருமகளிடம் ஒரு பழைய நாட்காட்டியைக் கட்டில் தலைமாட்டில் மாட்டச் சொன்னேன். வெளிக்குப் போன நாளில் தேதியைச் சுற்றி வட்டம், அருகில் கெட்டி, மென்மை, தண்ணீர் என்று ஒரு சொல். வட்டம் இல்லாத மூன்றாவது நாள் காலையில், இட்லிக்கும் காபிக்கும் பிறகு, ஒரு கிளிசரின் மாத்திரை. நான்கு நாளுக்கு மேல் வட்டம் விழாவிட்டால் எனக்குத் தொலைபேசி.

அடுத்த மூன்று வாரத்தில் அந்த அம்மாவுக்கு அது இரண்டு முறை தேவைப்பட்டது. இரண்டு முறையும் மருமகளே வைத்தார். தலையணையைக் கால்களுக்கு நடுவில் வைக்க மறக்கவில்லை என்பதைத்தான் என்னிடம் முதலில் சொன்னார்.